தண்ணிக்கு இன்னா கற்பு?

கும்மிடிப்பூண்டியில் சனிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி ஜெபிப்பார்கள். 2025 அக்டோபர் 4, அசிசி பிரான்சிசின் திருநாள். அவர் இயற்றிய படைப்புகளின் பாடலுக்கு அது 800ஆம் ஆண்டு. அந்த நாளில் படிக்க அதைத் தமிழில் செய்து தரும்படி கேட்டார்கள். இத்தாலியில் பல வருடம் மருத்துவமனைப் பணி செய்துவிட்டுத் திரும்பிய அருள்சகோதரி ஒருவர் துணைக்கு வந்தார். அவருக்கு இத்தாலிய மொழி பேச்சாகத் தெரியும். எனக்கு அகராதியின் வழியே தெரியும். முதல் வரைவை நான் உரக்கப் படித்தபோது, தண்ணீரைப் பற்றிய இடத்தில் ஒரு அக்கா குறுக்கிட்டார். "தண்ணிக்கு இன்னா கற்பு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் பதிவு. எட்டு நூற்றாண்டு பழைய ஒரு வழிபாட்டுப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது பக்தி மொழியும் பழஞ்சொல்லும் பெண்ணை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன என்பதை நான்கைந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன்.

பாடல் பிறந்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும். 1225 வாக்கில் பிரான்சிஸ் கண்நோயால் வெளிச்சமே பொறுக்காத நிலையில் சான் தமியானோ என்ற இடத்தில் படுத்திருந்தார். அது கிளாராவும் அவருடைய சகோதரிகளும் வாழ்ந்த மடம். சூரியனைப் பார்க்க முடியாத ஒருவர், பெண்கள் வாழும் ஒரு வீட்டின் ஓரத்தில் கிடந்தபடி சூரியனைப் புகழ்ந்திருக்கிறார். அதே நாட்களில் அந்தச் சகோதரிகளுக்கென்றே இன்னொரு சிறு பாட்டையும் அவர்களுடைய பேச்சுமொழியில் செய்து அனுப்பினார். திருச்சபையின் மொழி அப்போது லத்தீன். பிரான்சிஸ் எடுத்துக்கொண்டதோ உம்பிரியா மாநிலத்துச் சந்தையிலும் அடுப்பங்கரையிலும் புழங்கிய மொழி. இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றாக இதை வைக்கிறார்கள். அசிசியில் உள்ள 338 எண்ணிட்ட ஏட்டில் இந்தப் பாடல் இருக்கிறது. அதில் இசைக்குறிப்புக்காக விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது. மெட்டு போய்விட்டது, சொல் மட்டும் மிஞ்சியது.

சூரியன், சந்திரனும் விண்மீன்களும், காற்று, தண்ணீர், நெருப்பு, மண் என்று வரிசையாக வருகிறது பாடல். ஒவ்வொன்றையும் சொல்லி, அதனால் ஆண்டவர் புகழப்படட்டும் என்கிறது. அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் சண்டை மூண்டபோது மன்னிப்பவர்களைப் பற்றிய பகுதி சேர்ந்தது. 1226இல் அவர் இறக்கும் தறுவாயில் சாவைப் பற்றிய பகுதி சேர்ந்தது. சூரியனும் காற்றும் நெருப்பும் இதில் சகோதரர்கள். நிலவும் தண்ணீரும் மண்ணும் சாவும் சகோதரிகள்.

இந்தக் குடும்பத்தை அமைத்தது யார் என்று கேட்டால் பாதி விடை பிரான்சிஸ், மீதி விடை இலக்கணம். இத்தாலிய மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆணாகவோ பெண்ணாகவோதான் இருந்தாக வேண்டும். லூனா பெண், ஆக்வா பெண், தெர்ரா பெண், மோர்த்தே பெண். சோலே ஆண், வெந்தோ ஆண். ஆகவே அண்ணன் யார், அக்கா யார் என்று அவர் உட்கார்ந்து பிரிக்கவில்லை. மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது. ஜெர்மன் மொழியில் சூரியன் பெண், நிலவும் சாவும் ஆண். அந்த மொழிக்குப் பெயர்ப்பவர் முதல் அடியிலேயே தடுக்கி விழுவார்.

தமிழில் இவை எல்லாம் அஃறிணை. நீருக்கோ நெருப்புக்கோ ஆண்பால் பெண்பால் கிடையாது, ஒன்றன்பால்தான். இலக்கணம் நமக்கு விடுதலை தருகிறது. ஆனால் புராணம் அதைப் பறித்துக்கொள்கிறது. அங்கே சந்திரன் ஆண், அக்கினி ஆண், வாயு ஆண், சாவைக் கொண்டுவரும் எமன் எருமை மேல் வரும் ஆண். பெண்ணாக இருப்பவை நதிகளும் பூமியும்தான். ஆகவே தமிழில் நிலவைச் சகோதரி என்று எழுதினால் நாம் நம் புராணத்துக்கு எதிராக எழுதுகிறோம். சாவைச் சகோதரி என்று எழுதினால் பாசக்கயிற்றை எமன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைக்கிறோம். இத்தாலியனில் தானாக விழுந்த பால், தமிழில் பெயர்ப்பவர் தெரிந்து எடுக்கும் முடிவாகிவிடுகிறது. முடிவு என்று வந்துவிட்டால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

அடுத்த சிக்கல் சகோதரி என்ற சொல்லிலேயே இருக்கிறது. பிரான்சிஸ் எழுதியது 'சோரா'. மூத்தவளா இளையவளா என்று அந்தச் சொல் சொல்லாது. தமிழில் அக்கா உண்டு, தங்கை உண்டு. இரண்டுக்கும் பொதுவாக வீட்டில் புழங்கும் சொல் இல்லை. 'சகோதரி' பொதுச்சொல்தான். ஆனால் அது பிரசங்க மேடையிலும் திருமண அழைப்பிதழிலும் வாழ்கிறது. எங்கள் கோயிலில் அந்தச் சொல்லைக் கேட்டால் கன்னியர் மடத்து சிஸ்டர்தான் நினைவுக்கு வருவார். யாரும் தன் கூடப்பிறந்தவளை 'சகோதரி, சாப்பிட வா' என்று கூப்பிடுவதில்லை. 'உடன்பிறந்தாள்' நல்ல சொல். ஆனால் அது உறவைச் சொல்கிறதே தவிர, அழைக்கவில்லை.

அப்படியானால் அக்காவா, தங்கையா? தங்கை என்று வைத்தால் பாடுபவர் உடனே அண்ணனாகிவிடுவார். 'பாசமலர்' வந்த 1961 முதல் இன்றுவரை அண்ணன் தங்கை என்றால் நம் மனதில் எழும் படம் ஒன்றுதான். அவன் காப்பவன், அவள் காக்கப்படுபவள். அவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதையும் அவனே முடிவு செய்வான். தண்ணீரையும் மண்ணையும் தங்கையாக்கினால் மனிதன் அவற்றின் காவலனாகிறான். காவலனாக வந்தவன் சொந்தக்காரனாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இந்த ஊரில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விவிலியத்தின் தொடக்க நூலைப் பார்த்தால் விடை நேராகவே கிடைக்கிறது. ஒளியும் நீரும் மண்ணும் முதலில் படைக்கப்படுகின்றன, மனிதர் ஆறாம் நாளில் கடைசியாக வருகிறார்கள். குடும்பத்தில் கடைக்குட்டி நாம்தான். மற்ற எல்லோரும் மூத்தவர்கள். ஆகவே அக்கா என்பதே சரி.

ஆனால் 'அக்கா' வழிபாட்டு மொழியில் நிற்குமா என்று சிஸ்டர் தயங்கினார். "பூசையில வாசிக்கிறப்போ வீட்டுப் பேச்சு மாதிரி ஆயிடும்மா." பிரான்சிஸ் வீட்டுப் பேச்சில்தானே எழுதினார் என்றேன். "அவரு எழுதினப்போ அது வீட்டுப் பேச்சு. எண்ணூறு வருசத்துல அது பழசாயி, பக்தியும் ஏறிடுச்சு. இன்னைக்கு இத்தாலிக்காரங்க காதுக்கு அது பழைய சொல்லுதான்" என்றார். அது நியாயமான பதில். ஒரு பழைய ஜெபத்தைப் பெயர்ப்பவர் இரண்டு காலத்தையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். எழுதப்பட்ட நாளில் அது எவ்வளவு எளிமையாக ஒலித்தது என்பது ஒன்று. பலர் வாயில் புழங்கிப் புழங்கி இன்று எவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்பது இன்னொன்று.

பழையதாகவும் உறவாகவும் இருக்கும் சொல் நம்மிடம் ஒன்று உண்டு, தமக்கை. ஆணுக்குத் தமையன். தமக்கை என்ற சொல்லோடு தமிழில் ஒரு முகமும் சேர்ந்தே வருகிறது. அது அப்பரின் தமக்கையார் திலகவதியாரின் முகம். தாயும் தந்தையும் போன பிறகு தம்பிக்காகவே உயிர் தாங்கி இருந்தவர், வழி தவறிய தம்பியைத் திருப்பிக் கொண்டுவந்தவர். வேறொரு சமயத்தின் நினைவை இங்கே கொண்டுவரலாமா என்று யாராவது கேட்கலாம். கிறித்தவத் தமிழ் எப்போதும் இப்படித்தான் சேர்ந்து வந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலுக்குப் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. இத்தாலியிலிருந்து வந்த நொபிலி 'சருவேசுரன்' என்று எழுதினார். இத்தாலியிலிருந்தே வந்த பெஸ்கி, வீரமாமுனிவராகிச் சூசையப்பரைக் காப்பியத் தலைவனாக்கினார். நம் பாட்டிமார் சொன்ன ஜெபங்களில் அருளுக்குப் 'பிரியதத்தம்' என்று பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஜெபங்கள் புதுத் தமிழுக்கு மாறியபோது இந்தச் சொற்கள் புத்தகத்திலிருந்து போயின. கிழவிகளின் வாயிலிருந்து போகவில்லை. பழஞ்சொல்லைக் காப்பாற்றி வைத்திருந்தது பண்டிதர் மட்டுமல்ல, முழங்கால் வலியோடு செபமாலை சொன்ன பெண்களும்தான். அவர்களுக்குப் பக்கத்தில் தமக்கை அந்நியமாக நிற்க மாட்டாள்.

சூரியனுக்கு மட்டும் பிரான்சிஸ் 'மெசோர்' என்று ஒரு பட்டம் தருகிறார். ஐயா, பெருமானே என்பது போன்ற சொல் அது. நிலவுக்கு அப்படி எதுவும் இல்லை. முதல் வாசிப்பில் எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு மரியாதை, அக்காவுக்கு வெறும் பெயரா? செய்தித்தாளில் அமைச்சர் 'அவர்' ஆகவும் அவர் வீட்டுப் பணிப்பெண் 'அவள்' ஆகவும் வரும் அதே வழக்கமா? ஆனால் வரிசையைத் திரும்பப் படித்தபோது காற்றுக்கும் நெருப்புக்கும் கூட அந்தப் பட்டம் இல்லை என்பது தெரிந்தது. அவர்களும் ஆண்கள்தான். பட்டம் ஆணுக்குத் தரப்பட்டதல்ல, இறைவனின் சாயலைச் சுமப்பதாகச் சொல்லப்படும் சூரியனுக்குத் தரப்பட்டது. ஆகவே சூரியனைத் 'தமையனார்' என்றும், காற்றையும் நெருப்பையும் வெறும் 'தமையன்' என்றும் வைத்தேன். தமக்கையருக்கு 'ஆர்' சேர்த்துச் சமப்படுத்தலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன். மூலத்தில் இல்லாத குற்றத்தை அதன்மேல் சுமத்திவிட்டு, பிறகு நாமே திருத்திக் கொடுப்பது பெண்ணிய வாசிப்பு ஆகாது.

குற்றம் உண்மையிலேயே வேறு இடத்தில் இருக்கிறது, அடைமொழிகளில். நெருப்புக்கு நான்கு: அழகு, களிப்பு, திடம், வலிமை. தண்ணீருக்கும் நான்கு: பயன், தாழ்மை, அருமை, நான்காவது 'காஸ்தா'. அழகு ஆண்களுக்கும் போயிருக்கிறது, அதில் சந்தோஷம். ஆனால் வலிமை அண்ணனுக்கு, தாழ்மையும் காஸ்தாவும் அக்காவுக்கு. இந்த இடத்தில்தான் திண்ணையில் அந்தக் கேள்வி வந்தது.

தாழ்மையை முதலில் பார்க்கலாம். மூலச்சொல் 'ஹூமிலே', லத்தீனில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருவது. என் முதல் வரைவில் 'பணிவான' என்று எழுதியிருந்தேன். வரன் தேடும் விளம்பரத்தில் பெண்ணுக்குக் கேட்கிற அதே பணிவு. யாருக்குப் பணிவு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாழ்மை வேறு. தண்ணீர் யாருக்கும் பணிவதில்லை, தாழ்ந்த இடம் தேடிப் போகிறது. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரிக்கு இறங்குவது கீழ்ப்படிதலால் அல்ல, அது அதன் இயல்பு. அதைவிட முக்கியமான ஒன்று பாடலின் முடிவில் இருக்கிறது. எல்லாரும் மிகுந்த தாழ்மையோடு இறைவனுக்கு ஊழியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு பாடல் முடிகிறது. அங்கே வருவதும் அதே வேரிலிருந்து பிறந்த சொல். தன் கூட்டத்துக்கே 'சிறிய சகோதரர்கள்' என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ். ஆகவே தண்ணீருக்குச் சொன்னது பெண்ணுக்கு விதித்த குணம் அல்ல. எல்லாரும் கடைசியில் கற்றுக்கொள்ள வேண்டியதைத் தண்ணீர் முன்னதாகவே செய்துகொண்டிருக்கிறது. ஆனால் தண்ணீருக்குப் 'பணிவு' என்றும் முடிவில் 'மனத்தாழ்ச்சி' என்றும் வெவ்வேறு சொல் போட்டால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். பணிவு பெண்ணிடம் தங்கிவிடும், மனத்தாழ்ச்சி ஆன்மிகமாகி மேலே ஏறிவிடும். பெயர்ப்பில் ஒரு பெண்ணை அடக்குவதற்கு மோசமான சொல் வேண்டியதில்லை. ஒரே சொல்லை இரண்டாக உடைத்தால் போதும். இப்போது இரண்டு இடத்திலும் 'தாழ்மை' என்றே இருக்கிறது.

இனி காஸ்தா. எந்த அகராதியும் முதலில் தரும் பொருள் கற்புடைய என்பதுதான். அதைத்தான் எழுதியிருந்தேன். சிஸ்டர் அதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் வைத்தார். "வெளியிலதான் கற்பு பொம்பளைக்கு மட்டும். எங்ககிட்ட ஆண் துறவிகளும் கற்பு வார்த்தைப்பாடு எடுக்கிறாங்க. 'என் கற்பு'ன்னு ஒரு ஆம்பளை வாய்விட்டுச் சொல்ற இடம் தமிழ்ல வேற எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். அந்தச் சொல்லின் கதையும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. தொல்காப்பியத்தில் கற்பியல் என்பது களவுக்குப் பின்வரும் மணவாழ்வைப் பற்றிய பகுதி. கற்பைக் 'கல்' என்ற வேரோடு, கற்றலோடு, சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. லத்தீனின் காஸ்துஸ் கூட ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகக் குற்றமற்ற, சுத்தமான என்ற பொருளில் புழங்கியதுதான்.

ஆனால் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் போலவே எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் முதல் அத்தியாயமாகவே கற்பை எடுத்துக்கொண்டது காரணமில்லாமல் அல்ல. துறவற மடத்துக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கலாம். இந்தப் பாட்டைச் சொல்லப் போகிறவர்கள் மடத்துக்கு வெளியே இருக்கிறவர்கள். இரவு ஷிப்டுக்குப் போய்வரும் பெண்ணைத் தெருமுனையில் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள். அவர்கள் வாயில் அந்த அடைமொழியை வைத்தால், தண்ணீரைப் புகழும் நேரத்தில் தங்களை அளக்கும் கோலையும் அவர்களே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்ட அக்கா தன் பொருளைப் பிறகு விளக்கினார். அவர் பெரியாரைச் சொல்லவில்லை. "எங்க தெரு போர்ல தண்ணி மஞ்சளா வருது. கேன் வாங்கித்தான் குடிக்கிறோம். கற்புள்ள தண்ணின்னு பாடுனா, அப்போ எங்க தண்ணி இன்னா, கெட்டுப்போன தண்ணியா?" என்றார். கெட்டுப்போனவள் என்ற சொல்லைப் பெண்ணுக்கும் பாலுக்கும் தண்ணீருக்கும் ஒன்றாகவே பயன்படுத்தும் மொழியில் இந்தக் கேள்விக்கு இரண்டு முனை உண்டு. கற்பு என்பது பெண்ணிடம் இருப்பது, போனால் அவள் 'இழந்தாள்'. எடுத்தவன் வாக்கியத்திலேயே இருக்க மாட்டான். தண்ணீரையும் அந்த வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால் ரசாயனத்தைக் கொட்டியவர் மறைந்துவிடுவார், கெட்டுப்போன தண்ணீர் மட்டும் நிற்கும்.

வேறு சொல் தேடினோம். 'தூய' என்று வைத்துப் பார்த்தோம். எங்கள் வழக்கில் அந்தோணியாரும் தூய, ஆவியும் தூய. தூய நீர் என்றால் வாசற்படியில் இருக்கும் மந்திரித்த தண்ணீராகிவிடுகிறது. குழாயிலும் ஆற்றிலும் வரும் தண்ணீர் காணாமல் போகிறது. 'சுத்தமான' என்றால் கேன் மேல் ஒட்டிய லேபிள் போல இருக்கிறது. 'களங்கமற்ற' என்றால் மறுபடியும் பெண்ணின் பெயர்மேல் விழும் களங்கம். கடைசியில் 'மாசற்ற' வந்தது. மாசு மிகப் பழைய சொல். மாதாவின் புகழ்ச்சிகளில் அது உண்டு, நீதி நூல்களில் மனதுக்குச் சொல்வதும் உண்டு. ஆகவே ஜெபத்தில் அதற்கு இடம் கேட்க வேண்டியதில்லை. அதே சொல்தான் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. பிரான்சிஸின் சொல்லில் உடலின் சுத்தமும் ஒழுக்கத்தின் சுத்தமும் பிரியாமல் இருந்தது போல, இந்தச் சொல்லில் ஆன்மாவின் அழுக்கும் ஆலையின் அழுக்கும் பிரியாமல் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியமானது, மாசு தானாக உண்டாவதில்லை, படிகிறது. படிந்தது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லோடு கூடவே வரும்.

"சரி, மாசற்றதுன்னு சொன்னா மட்டும் பொய் இல்லியா?" என்றார் அக்கா. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தண்ணீர் தன்னளவில் என்னவாக இருக்கிறதோ அதைத்தான் பாடல் சொல்கிறது, நாம் அதை என்ன செய்தோம் என்பதை அல்ல என்றேன். "அப்போ பாடுறப்போ மஞ்சத் தண்ணிய ஒரு சொம்புல நடுவுல வச்சிரலாம்" என்றார். அப்படித்தான் வைத்தோம்.

தண்ணீர்ப் பகுதியில் இன்னொரு சிறு இடறலும் இருந்தது. கிறித்தவத் தமிழ் இறைவனை 'நீர்' என்று அழைக்கிறது. பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்ட அந்த முன்னிலைச் சொல், 'உமக்கு', 'உம்மை' என்ற வடிவங்களோடு, ஜெபத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பிரான்சிஸ் இறைவனை ஒருமையில்தான் அழைக்கிறார். ஆழ்வார்களைப் போல 'நீ' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். பெண்கள் மறுத்துவிட்டார்கள். 'நீ' அவர்களுக்கு நெருக்கமாக ஒலிக்கவில்லை, சண்டையாக ஒலித்தது. ஆகவே 'நீர்' நின்றது. ஆனால் தண்ணீருக்கும் 'நீர்' என்று போட்டால், யார் தாழ்மையானவர், யார் பயனுள்ளவர் என்பது குழம்பிப் போகிறது. அதனால் இலக்கியமான 'நீர்' இறைவனுக்குப் போயிற்று, தமக்கைக்குத் 'தண்ணீர்' என்ற அன்றாடப் பெயரே வந்தது. இதைவிட நல்ல முடிவை நான் திட்டமிட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

கடைசிச் சொல் மண்ணைப் பற்றியது. பிரான்சிஸ் பூமியை ஒரே மூச்சில் சகோதரி என்றும் தாய் என்றும் அழைக்கிறார். தமிழில் கை தானாகவே 'பூமித்தாய்' என்று எழுதிவிடும். சகோதரி விழுந்துவிடுவாள். தாய் என்ற சொல் இங்கே அவ்வளவு வசதியானது. தாய் கொடுப்பாள், பொறுப்பாள், மிதித்தாலும் தாங்குவாள். தோண்டினாலும் பொறுத்துக்கொள்வாள் என்பது நாம் அவளுக்குக் கட்டிய கோயிலின் அடிக்கல். சகோதரி அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவளுக்கும் நமக்கும் ஒரே பெற்றோர், ஒரே பங்கு. கணக்கு கேட்பாள். ஆகவே தமக்கையும் தாயும் என்று இரண்டையும் வைத்தேன். திலகவதியாரை அறிந்த மொழிக்கு, ஒருத்தி இரண்டுமாக இருப்பது புதிதல்ல.

அந்த மண் என்ன செய்கிறாள் என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று தாங்குதல். மற்றது 'கோவெர்னா'. அகராதி ஆளுதல் என்கிறது. சிஸ்டர் சிரித்தார். அவர் இருந்த கிராமத்தில் மாட்டுக்குத் தீனி வைத்துப் பார்த்துக்கொள்வதற்கும் அதே வினையைத்தான் சொல்வார்களாம். ஊட்டுவதும் ஆள்வதும் அங்கே ஒரே சொல். 'பேணுகிறாள்' என்று வைத்தால் போதுமே என்று தோன்றியது. அது அழகான சொல்தான். ஆனால் பேணுவது நாம் பெண்ணுக்கு ஏற்கெனவே தந்துவிட்ட வேலை. ஊட்டுபவள் ஆளவும் செய்கிறாள் என்பதுதான் மூலத்தில் இருக்கும் வியப்பு. பேணலை மட்டும் எடுத்துக்கொண்டால் சோறு மட்டும் வந்து சேரும், அதிகாரம் வழியிலேயே நின்றுவிடும்.

அதனால் 'ஆள்கிறாள்' என்றே வைத்தேன். அதன் பிறகுதான் அந்த வேரின் மற்ற உறவுகள் கண்ணில் பட்டன. நாம் இறைவனை ஆண்டவர் என்கிறோம், அதுவும் ஆள் என்ற வினையிலிருந்தே வருகிறது. தமிழின் மிகப் பெரிய பக்திக் கவிஞர்களில் ஒருத்தியை ஆண்டாள் என்கிறோம், அதுவும் அதே வினைதான். ஒரே பாடலுக்குள் வானத்தில் ஆண்டவரும் காலடியில் ஆள்கிற தமக்கையும் வந்துவிட்டார்கள். இத்தாலியனில் இந்த ஒட்டு இல்லை. அங்கே இறைவன் 'சிஞ்ஞோரே', அதற்கு ஆளுதலோடு வேர்த் தொடர்பு கிடையாது. இது தமிழ் தந்தது. இதை மூலத்தில் இல்லாத சேர்க்கை என்று யாராவது குறை சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் இதற்காக நான் எந்தச் சொல்லையும் வளைக்கவில்லை. வினையை அப்படியே பெயர்த்தேன், அது தன் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.

பக்தி மொழியைக் காப்பாற்றுவது என்றால் பழைய அடக்குமுறையையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் என்று நாம் பல நேரம் அஞ்சுகிறோம். அதனால் ஒன்று அந்த மொழியையே தூக்கி எறிகிறோம், அல்லது வாயை மூடிக்கொண்டு பாடுகிறோம். இந்தச் சிறு வேலையில் எனக்குத் தெரிந்தது வேறு. என்னைத் தடுக்கி விழவைத்தவை மூலத்தின் பழஞ்சொற்கள் அல்ல. தங்கை, பணிவு, கற்பு, பேணுதல் என்று கேட்காமலே கையில் வந்து உட்கார்ந்த நம் பழக்கச் சொற்கள்தான். தமக்கை, தாழ்மை, மாசு, ஆளுதல் என்று அதைவிடப் பழையவற்றைத் தேடிப் போனபோதுதான் வழி திறந்தது.

அக்டோபர் 4 மாலை பத்துப் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மெட்டு இல்லாததால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் சொம்பு இருந்தது. 'ஆள்கிறாள்' வந்த இடத்தில் ஒரு கிழவி மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். முடிந்ததும் அந்த அக்கா சொம்பை எடுத்துப் பார்த்தார். அடியில் மஞ்சள் படிந்திருந்தது. அதை வெளியே ஊற்றிவிட்டு, கேன் தண்ணீரில் டீ போட்டார்.